இரண்டு மதிப்பீடுகளின் ஒப்பீடு: விடுபட்டவையும் தெளிவில்லாதவையும்

அன்புள்ள பெரியப்பா அவர்களுக்கு,

நீங்கள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கி, வீட்டைப் புதுப்பிக்கும் வேலைக்கு மேஸ்திரி கையால் எழுதிக் கொடுத்த மதிப்பீட்டையும் நிறுவனம் அச்சிட்டுக் கொடுத்த மதிப்பீட்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்தேன். நிறுவனத்தின் மொத்தத் தொகை ஏறக்குறைய 22 சதவீதம் அதிகம் என்பது உண்மைதான். ஆனால் இருவரும் ஒரே வேலைக்குக் கணக்குப் போடவில்லை என்பதால், அந்த வித்தியாசத்தை மட்டும் வைத்து இப்போது முடிவெடுக்க வேண்டாம்.

முதலில் படங்களில் உள்ள குறை. நிறுவனத்தின் முதல் பக்கம் அடியில் வெட்டுப்பட்டு 6ஆம் எண்ணோடு நிற்கிறது. அடுத்த பக்கம் 9இல் தொடங்குகிறது. அங்கே எழுதியுள்ள ‘முன்பக்கத் தொகை’ முதல் ஆறு இனங்களின் கூட்டுத்தொகையைவிட அதிகமாக இருப்பதால், 7, 8 ஆகியவற்றுக்கும் பணம் சேர்க்கப்பட்டிருக்கிறது, எதற்கென்றுதான் தெரியவில்லை. மேஸ்திரியின் தாளில் மின் பாயிண்ட்டுகள் 11ஆ 17ஆ என்று படிக்க முடியவில்லை. தொகையை ஒரு பாயிண்ட்டுக்கான கூலியால் வகுத்தால் 17 வருகிறது, ஆயினும் அவர் வாயால் கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது.

பெரிய வேறுபாடு குளியலறையில் இருக்கிறது. அறை 8 அடிக்கு 5 அடி என்று குறித்திருக்கிறீர்கள். அப்படியானால் சுற்றளவு 26 அடி. ஏழடி உயரத்துக்குச் சுவர் டைல்ஸ் ஒட்டினால் 182 சதுர அடி, அதில் கதவைக் கழித்தால் சுமார் 165 சதுர அடி வரவேண்டும். நிறுவனம் 165 என்றே போட்டிருக்கிறது. மேஸ்திரி போட்டிருப்பது 115. அது ஐந்தடி உயரத்துக்குத்தான் போதும், ஷவருக்குக் கீழேயே டைல்ஸ் நின்றுவிடும். வேலை நடக்கும்போது நீங்கள் ஏழடி கேட்டால், மீதி 50 சதுர அடியும் கூடுதல் வேலைக் கணக்கில் ஏறும். பழைய டைல்ஸை உடைத்தெடுப்பதையும் இடிபாடுகளை அப்புறப்படுத்துவதையும் அவர் எழுதவே இல்லை.

அதைவிட எனக்குக் கவலை தருவது நீர்க்கசிவுத் தடுப்பு. மேஸ்திரி ‘வாட்டர்ப்ரூஃபிங் செய்து தரப்படும்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். என்ன பொருள், எத்தனை கோட், சுவரில் எவ்வளவு உயரம் வரை என்று எதுவும் இல்லை. நிறுவனம் பொருளின் வகையையும் இரண்டு கோட் என்பதையும் சொல்லியிருக்கிறது, ஆனால் டைல்ஸ் போடுவதற்கு முன் தண்ணீர் தேக்கிச் சோதிப்பது பற்றி அதுவும் பேசவில்லை. குறைந்தது 24 மணி நேரம் தண்ணீரைத் தேக்கிக் கீழ்த்தளத்தில் ஈரம் தெரிகிறதா என்று பார்க்காமல் டைல்ஸ் ஒட்டினால், பின்னால் கசியும்போது அனைத்தையும் உடைக்க நேரிடும். ஆகவே இந்தச் சோதனையை இருவருமே எழுத்தில் சேர்க்க வேண்டும்.

மற்ற இனங்களில், பெயின்டிங்குக்கு மேஸ்திரி ‘பட்டி, பெயின்ட்’ என்று மட்டும் எழுதியுள்ளார். பிரைமர் உண்டா, பெயின்ட் எத்தனை கோட் என்பதைக் கேளுங்கள். மின்வேலையில் ஒயரின் தடிமனை இருவரும் குறிப்பிடவில்லை. ஹீட்டருக்கும் விளக்குக்கும் ஒரே ஒயர் போட முடியாது. சமையலறை அலமாரிக்கு நிறுவனம் எழுதியுள்ள ‘நல்ல தரமான பிளைவுட்’ என்பதற்குப் பொருளே இல்லை. ஈரம் தாங்கும் தரமா, எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பைப், குழாய் வகைகளுக்குப் பிராண்டின் பெயரைப் போட்டு ‘அல்லது அதற்கு இணையானது’ என்றும் சேர்த்திருக்கிறார்கள். இணையானதா என்று தீர்மானிப்பவர் நீங்கள்தான் என்ற சொற்களும் அங்கே இருக்க வேண்டும்.

‘தேவைப்பட்டால் தனியாகக் கணக்கிடப்படும்’ என்ற வாசகம் நிறுவனத்தின் தாளில் மூன்று இடங்களில் வருகிறது. வரி சேர்ந்ததா, தனியா என்பது இரண்டிலும் இல்லை. நிறுவனத்தின் தொகைக்கு மேல் வரி வந்தால் 22 சதவீதம் என்ற கணக்கே மாறிவிடும்.

மேஸ்திரி பாதித் தொகையை முன்பணமாகக் கேட்பது அதிகம். நிறுவனம் நான்கு தவணை சொன்னாலும், கடைசித் தவணையை ‘பெயின்டிங் தொடங்கும்போது’ என்று வைத்திருக்கிறது. வேலை முடிந்து, குறைகளைச் சரிசெய்த பிறகு கொடுப்பதற்கென்று பத்து சதவீதமாவது உங்கள் கையில் இருக்க வேண்டும். முடிக்கும் தேதியை மேஸ்திரி எழுதவில்லை. நிறுவனம் ‘சுமார் 60 நாட்கள்’ என்கிறது, எந்த நாளிலிருந்து என்று சொல்லவில்லை.

நிறுவனத்தின் முதல் பக்கத்தை நான்கு ஓரமும் தெரியும்படி மீண்டும் படமெடுத்து அனுப்புங்கள். மேஸ்திரியிடம் குளியலறை டைல்ஸை ஏழடிக்குத் திருத்தி, உடைப்பு, இடிபாடு அகற்றல், நீர்க்கசிவுத் தடுப்பு ஆகியவற்றைத் தனித்தனி வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். இருவரின் திருத்திய தாள்களும் வந்து நான் மறுபடி கூட்டிப் பார்க்கும் வரை, எவருக்கும் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் தம்பி மகள்