டெமோ தொடங்கும் முன் குழு அறிமுகம்: மண் ஈரம் பார்த்து ஓடும் சொட்டுநீர் பம்ப்

(இறுதியாண்டு ப்ராஜெக்ட் ரிவ்யூ. மேஜையில் இரண்டு செடிப் பைகள், பம்ப், திரை. பெயர் சொன்னதும் அந்த ஆள் தான் செய்த பாகத்தின் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும்.)

கதிரவன்: சார், மேடம், எல்லாருக்கும் வணக்கம். மண்ணு காய்ஞ்சா தண்ணி விட்டு, நனைஞ்சதும் தானே நிக்கிற சொட்டுநீர் அமைப்பு இது. ஓட்டிக் காட்டுறதுக்கு முன்னாடி எதை யார் செஞ்சதுன்னு சொல்லிடுறேன். கேள்வியை நேரா அவங்கவங்ககிட்டயே கேக்கலாம். சென்சார், நஸ்ரின் பொறுப்பு.

நஸ்ரின்: இது கெப்பாசிட்டிவ் சென்சார். ரெண்டு கம்பி குத்துற ரகம் விலை கம்மிதான், ஆனா ஈரத்துல மின்சாரம் பாய்ஞ்சு கம்பி அரிச்சுப் போயிடும். இதுல காய்ஞ்ச மண்ணுக்கு எண் பெருசா வரும், ஈரத்துக்குச் சின்னதா வரும். அதைத் திருப்பிச் சதவீதமாக்கியிருக்கேன். மேல இருக்கிற சர்க்யூட்ல தண்ணி பட்டா ரீடிங் தாறுமாறாகும். அங்க நெயில் பாலிஷ் பூசியிருக்கு.

கதிரவன்: கண்ட்ரோலர் கோடு, ஜெனிஃபர்.

ஜெனிஃபர்: 35 சதவீதத்துக்குக் கீழ போனா பம்ப் ஆன், 60 தொட்டா ஆஃப். ரெண்டுக்கும் ஒரே எண் வச்சா ரிலே டக்டக்னு அடிச்சுக்கிட்டே இருக்கும். இஎஸ்பி32-ல வைஃபை ஓடுறப்போ ஏடிசி2 பின்னை நம்ப முடியாது, அதனால சென்சார் GPIO 34-ல.

கதிரவன்: பவர், பம்ப் ரெண்டும் முருகேசன்.

முருகேசன்: பம்ப்புக்கு 12 வோல்ட், போர்டுக்குத் தனியா 5 வோல்ட். ஒரே சப்ளைல போட்டா பம்ப் கிளம்புறப்போ வோல்டேஜ் இறங்கி போர்டு ரீசெட் ஆயிடும். பம்ப் முனைங்களுக்குக் குறுக்கே ஒரு டையோடும் இருக்கு.

கதிரவன்: டெஸ்டிங், பவித்ரா. "ரிப்போர்ட் மட்டும்தானே எழுதினாங்க"ன்னு நினைச்சிடாதீங்க சார். இதை எப்படியெல்லாம் கெடுக்கலாம்னு தேடினது அவங்கதான்.

பவித்ரா: சென்சார் மண்ணுலேர்ந்து கழண்டு விழுந்தா, காத்தைக் காய்ஞ்ச மண்ணுன்னு எடுத்துக்கிட்டு பம்ப் நிக்காம ஓடும். அதனால ரெண்டு நிமிஷம் ஓடியும் ஈரம் ஏறலைன்னா பம்ப் நின்னு சிவப்பு விளக்கு எரியும். நடுவுல நானே சென்சாரைப் பிடுங்குவேன், பதறாதீங்க.

கதிரவன்: சலீமுக்கு இன்னிக்கு இண்டர்வியூ. டிரிப்பர், ட்யூப், தொட்டி எல்லாம் அவர் வேலை. பாசியும் மண்ணும் போய் டிரிப்பர் அடைச்சுக்காம இருக்க இந்த ஃபில்டரைப் போட்டதும் அவர்தான். அந்தப் பக்கக் கேள்விக்கு முருகேசன் பதில் சொல்வார். பாகங்களை இணைச்சதும் திரையில வர்ற கிராஃபும் நான், கதிரவன்.

இடது பைக்கு நேத்துலேர்ந்து தண்ணி விடலை. நஸ்ரின், சென்சாரைக் குத்துங்க. முருகேசன், எண் நிலைச்சதும் பம்ப் சுவிட்சைப் போடுங்க.