கணக்கு உதவியாளர் பதவி: ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் முன் தெளிவு கோரல்

ஹட்டன்
2025 பெப்ரவரி 17

மனிதவள முகாமையாளர் அவர்களுக்கு,

ஐயா,

கடந்த வியாழக்கிழமை தலவாக்கலையில் நடந்த நேர்முகத் தேர்வுக்குப் பின், ஏப்ரல் 1 முதல் பன்னிரண்டு மாத ஒப்பந்தத்தில் என்னைச் சேர்த்துக்கொள்ள முன்வந்தமைக்கு நன்றி. கொழுந்து நிறுவைப் பதிவும் சிறுதோட்டக்காரர்களுக்கான மாதக் கொடுப்பனவும் நான் விரும்பிச் செய்யக்கூடிய வேலை. அனுப்பிய வரைவை இரண்டு முறை வாசித்தேன். கையொப்பமிடும் முன் சிலவற்றைக் கேட்க வேண்டியிருக்கிறது.

முதலாவதும் பெரியதும் இதுதான்: இந்தப் பதவி நிரந்தரமாகுமா? நேர்முகத் தேர்வில் நான் இதைக் கேட்டபோது, "நன்றாகச் செய்தால் பார்க்கலாம்" என்றீர்கள். வரைவின் நான்காம் பந்தியோ, ஒப்பந்த காலம் முடிந்ததும் வேலையும் தானாக முடிந்துவிடும் என்கிறது. இரண்டும் ஒத்துப்போகவில்லை. மேலும், தொழிற்சாலைக்குக் கொழுந்து ஆண்டு முழுவதும் வருகிறது. மாதந்தோறும் பணமும் கொடுத்தாக வேண்டும். ஆகவே இது ஓராண்டில் முடிந்துபோகும் வேலையாக எனக்குத் தோன்றவில்லை. வெற்றிடம் நிரந்தரமானதா, அல்லது யாராவது விடுமுறையில் இருப்பதால் தற்காலிகமாக நிரப்பப்படுகிறதா என்பதைச் சொல்ல முடியுமா? பின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, தெரிந்துகொண்டு முடிவெடுப்பேன்.

வெளிப்படையாகவே சொல்கிறேன். நான் 2020 நவம்பர் முதல் ஹட்டனில் ஒரு வியாபார நிலையத்தின் கணக்குப் பகுதியில் நிரந்தர ஊழியராக இருக்கிறேன். ஐந்து ஆண்டுகள் நிறைவடைய, ஏப்ரலிலிருந்து இன்னும் ஏழு மாதங்களே இருக்கும். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து ஆண்டுகள் முடித்தவருக்கு ஒவ்வொரு ஆண்டுக்கும் அரை மாதச் சம்பளம் கிடைக்கும். என் அடிப்படைச் சம்பளம் 52,000 ரூபாய் என்பதால் அது 130,000 ரூபாய். இப்போது விலகினால் அந்தத் தொகை இல்லை. அதை இழந்து வருவதானால், வாய்ச்சொல்லை நம்பி வர என்னால் இயலாது. இதற்கு முன் ஓரிடத்தில், ஆறு மாதத்தில் நிரந்தரமாக்குவோம் என்றார்கள். மூன்று முறை ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு வார இடைவெளி விட்டார்கள். அந்த இடைவெளி எதற்கு என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. பெயர் பதிந்த வேலைக்கும் கைக்காசு வேலைக்கும் உள்ள வேறுபாடு எங்கள் லயத்துப் பிள்ளைகளுக்கே தெரியும். எனக்குத்தான் அன்று தெரியாமல் போயிற்று.

ஆகையால் பின்வருவன நியமனக் கடிதத்திலோ, அதனுடன் இணைத்த கடிதத்திலோ எழுத்தில் இருக்க வேண்டுகிறேன். ஒன்பதாம் மாத முடிவில் என் வேலை மதிப்பிடப்படும், அதைச் செய்பவர் யார், எதை வைத்து என்பது. நிரந்தர நியமனம் உண்டா இல்லையா என்பதை ஒப்பந்தம் முடிவதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன் எழுத்தில் அறிவிப்பது. நிரந்தரமானால், பணிக்கொடைக்கும் விடுமுறைக்கும் என் சேவைக்காலம் 2025 ஏப்ரல் 1இலிருந்தே கணக்கிடப்படும் என்பதும், மீண்டும் தகுதிகாண் காலம் இல்லை என்பதும்.

சம்பளத்தில் ஒரு சந்தேகம். மாதம் 68,000 ரூபாய் என்றீர்கள். வரைவிலோ அடிப்படைச் சம்பளம் 45,000, மீதி 23,000 'கொடுப்பனவுகள்' என்று ஒரே வரியில் இருக்கிறது. கையில் வருவது கூடுகிறது, அடிப்படை குறைகிறது. ஊழியர் சேமலாப நிதிக்கு நிறுவனம் செலுத்தும் 12 வீதத்தை 45,000க்குக் கணக்கிட்டால் 5,400 ரூபாய். 68,000க்கு என்றால் 8,160. மாதம் 2,760 ரூபாய் வித்தியாசம். அந்த 23,000 எவற்றுக்கானது, அதில் எவ்வளவு சேமலாப நிதிக்கும் 3 வீத நம்பிக்கை நிதிக்கும் கணக்கில் எடுக்கப்படும் என்று பிரித்து எழுதித் தாருங்கள். ஒப்பந்த ஊழியர் என்பதற்காக இவை தள்ளிப்போகாது, முதல் மாதமே தொடங்கும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்பதாம் பந்தியில், நான் விலகுவதானால் ஒரு மாத முன்னறிவித்தல். நிறுவனம் நிறுத்துவதானால் கால வரையறை இல்லை. இரு தரப்புக்கும் ஒரு மாதம் என்று மாற்றக் கேட்கிறேன். மாத இறுதியில் கொடுப்பனவு வேலை இரவு வரை நீளும் என்றீர்கள். அந்நாட்களில் ஹட்டன் வரை வாகனம் உண்டு என்று சொன்னதையும் ஒரு வரியில் சேர்த்துவிட்டால் வீட்டில் அம்மா நிம்மதியாக இருப்பார்.

இவை எல்லாம் முடியாது என்றால், நிரந்தர நியமனம் பற்றிய பகுதிக்கு மட்டுமாவது எழுத்தில் பதில் தாருங்கள். மற்றவற்றைப் பேசிக்கொள்ளலாம், இதைப் பேசி மட்டும் விட்டுவிட முடியாது.

ஏப்ரல் 1 சேர வேண்டுமானால் இப்போதைய இடத்தில் பெப்ரவரி 28க்குள் விலகல் கடிதம் கொடுக்க வேண்டும். உங்கள் கடிதம் கைக்கு வராமல் அதைக் கொடுக்க மாட்டேன். 24ஆம் திகதி திங்கட்கிழமைக்குள் பதில் கிடைத்தால் எனக்குப் போதிய அவகாசம் இருக்கும். நேரில் வரச் சொன்னாலும் வருகிறேன். மதியம் இரண்டு மணிக்குப் பிறகு என்றால் வசதி.

இப்படிக்கு,
செ. கௌசல்யா

இணைப்பு: ஒப்பந்த வரைவின் பிரதி (4ஆம், 9ஆம் பந்திகளும் சம்பள வரியும் பென்சிலால் குறிக்கப்பட்டுள்ளன)