பங்குதாரர்களுக்குக் காலாண்டு அறிக்கை: ஏப்ரல் – ஜூன் 2025

காங்கேயம்
12.07.2025

அன்புள்ள பங்குதாரர்களுக்கு,

வணக்கம். இந்தக் காலாண்டில் நம் செக்கு எண்ணெய் நிறுவனம் 2.3 லட்சம் ரூபாய் நட்டம் கண்டிருக்கிறது. ஜனவரி – மார்ச்சில் 2.2 லட்சம் லாபம் இருந்தது. கொப்பரை விலை ஏறியது ஒரு காரணம். என் கவனக்குறைவு இன்னொரு காரணம். இரண்டையும் தனித்தனியாகவே சொல்கிறேன்.

மொத்த விற்பனை 58.2 லட்சம். சென்ற காலாண்டில் இது 61.4 லட்சமாக இருந்தது. தேங்காய் எண்ணெய் 38.6, கடலை எண்ணெய் 11.9, நல்லெண்ணெய் 4.8, புண்ணாக்கு 2.9 லட்சம். ரூபாயில் பார்த்தால் சரிவு ஐந்து சதவீதம்தான். ஆனால் இந்தக் கணக்கை நம்ப வேண்டாம். விலையைக் கூட்டியதால் சரிவு வெளியே தெரியவில்லை. லிட்டரில் பார்த்தால் தேங்காய் எண்ணெய் 12,100இலிருந்து 9,650ஆக இறங்கியிருக்கிறது. ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. அந்த 9,650இலும் 640 லிட்டர் திரும்பி வந்த சரக்கு. அதைக் கீழே விளக்குகிறேன்.

மூலப்பொருளுக்கு 41.6 லட்சமும், கூலி, பாட்டில், வண்டி, மின்சாரம், வாடகை, வட்டி எல்லாம் சேர்த்து 16.8 லட்சமும் செலவாயின. திரும்பி வந்த சரக்கால் 2.1 லட்சம் இழப்பு. அந்தத் தவறு நடக்காமல் இருந்திருந்தாலும் 20 ஆயிரம் ரூபாய் நட்டத்தில்தான் நின்றிருப்போம்.

ஏப்ரல் முதல் வாரம் கிலோ 178 ரூபாய்க்கு வாங்கிய கொப்பரையை ஜூன் கடைசி வாரம் 224 ரூபாய்க்கு வாங்கினோம். இந்த ஆண்டு அரவைக் கொப்பரைக்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 11,582 ரூபாய். சந்தை அதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கில் நிற்கிறது. வெள்ளை ஈயும் வாடல் நோயும் தோப்புகளை வாட்டியதில் காய்ப்பு குறைந்துவிட்டது. இருக்கிற காயிலும் ஒரு பங்கு இளநீராகவே இறங்கிவிடுகிறது. விவசாயிக்குப் பல ஆண்டுகளுக்குப் பிறகு நல்ல விலை கிடைக்கிறது, அதில் எனக்கு மகிழ்ச்சிதான். நாம் செய்த பிழை, விற்பனை விலையை உடனே மாற்றாமல் மே மாதம் முழுவதும் பழைய விலையிலேயே சரக்கு அனுப்பியது. கடைக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று தயங்கினேன். அந்த ஒரு மாதத் தயக்கம் லாப விகிதத்தைத் தின்றுவிட்டது. ஜூனில் லிட்டருக்கு 440 ரூபாயாக உயர்த்தியபோது கடைகள் முணுமுணுத்தன, ஆனால் விலைக்காக ஒரு கடையும் விலகவில்லை. வாங்கும் அளவைத்தான் குறைத்தன.

இனி அந்த 640 லிட்டர். மே மூன்றாம் வாரம் நாம் வழக்கமாக வாங்கும் களத்தில் சரக்கு இல்லை. நாளை இன்னும் ஏறும் என்ற பதற்றத்தில், புதிய வியாபாரி ஒருவரிடம் ஒரு டன் கொப்பரையை ஈரப்பதம் பார்க்காமல் எடுக்கச் சொன்னேன். மூட்டையைப் பிரித்தபோது செக்கு ஓட்டும் அண்ணன் ஒரு பருப்பை எடுத்து வளைத்துப் பார்த்தார். காய்ந்த கொப்பரை சட்டென்று ஒடிய வேண்டும். அது ரப்பர் போல வளைந்தது. உட்குழிவில் நகத்தால் சுரண்டினால் பச்சை பூசணம் ஒட்டியது. "இதை இன்னும் ரெண்டு நாள் களத்தில் போடணும்" என்று அவர் சொன்னார். ஆர்டர் நிற்கிறதே என்று ஒரு நாள் வெயிலோடு ஆட்டச் சொன்னது நான்தான். மூன்றே வாரத்தில் 11 கடைகளிலிருந்து காறல் வாடை என்று புகார் வந்தது. அந்த வாரச் சரக்கு முழுவதையும், விற்காத பாட்டில், திறந்த பாட்டில் என்று பார்க்காமல் திரும்ப எடுத்துப் பணத்தைக் கொடுத்துவிட்டோம். திருப்பிக் கொடுத்தது 2.56 லட்சம். வண்டி, ஆய்வகச் செலவு 64 ஆயிரம். எண்ணெயைச் சோப்புத் தயாரிப்பவருக்கு விற்றதில் 1.1 லட்சம் வந்தது. பணம் போனதைவிட, ஆறு கடைகள் நம்மை விட்டுப் போனதுதான் எனக்கு வலிக்கிறது. அவற்றில் இரண்டு, நாம் தொடங்கிய முதல் மாதத்திலிருந்து வாங்கியவை.

சென்ற கடிதத்தில் 25 புதிய கடைகள் சேர்ப்போம் என்று எழுதியிருந்தேன். சேர்ந்தவை 9. போன ஆறைக் கழித்தால் மூன்றுதான் மிச்சம்.

கையிருப்பு ஏப்ரல் 1இல் 19.3 லட்சம், ஜூன் 30இல் 11.6 லட்சம். குறைந்த 7.7 லட்சத்தில் 2.3 நட்டம், 50 ஆயிரம் ஈரமானிக்கும் உலர்த்தும் தட்டுகளுக்கும் போனது, மீதி 4.9 லட்சம் கடைகளில் நிலுவையாக நிற்கிறது. மொத்த நிலுவை 9.8இலிருந்து 14.7 லட்சமாகிவிட்டது. அதில் 5.8 லட்சம் ஒரே பல்பொருள் அங்காடியிடம் இருக்கிறது. 30 நாள் தவணை என்று பேசியவர்கள் 60 நாள் ஆக்கிவிட்டார்கள். கூலி, வாடகை, மின்சாரம், வட்டி மட்டும் மாதம் 3.1 லட்சம் ஆகிறது. இன்றைய விலையில் ஒரு வாரக் கொப்பரைக்கு இரண்டரை லட்சம் வேண்டும். எனவே இந்தக் கையிருப்பு பார்வைக்குத் தெரிவதைவிடச் சிறியது.

நல்லதும் நடந்திருக்கிறது. மாதந்தோறும் நேரடியாக வாங்கும் வீடுகள் 212இலிருந்து 287 ஆகியிருக்கின்றன. இவர்கள் முன்பணம் தருகிறார்கள், 5 லிட்டர் கேனைத் திருப்பித் தருகிறார்கள். கடலை எண்ணெய் விற்பனையும் 9.6இலிருந்து 11.9 லட்சமாக ஏறியிருக்கிறது. அடுத்த மூன்று மாதம் நம் உழைப்பு பெரும்பாலும் இந்த இரண்டின் மீதுதான்.

செப்டம்பர் 5இல் ஓணம் வருகிறது. அதுவரை கொப்பரை விலை இறங்கும் என்று நான் கணக்குப் போடவில்லை. பெருந்துறை, அவல்பூந்துறை ஏலங்களில் நாமே கலந்துகொண்டு பாதிக் கொப்பரையை எடுக்கப்போகிறோம். ஆறு சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் மூட்டை களத்துக்குப் போகும், செக்குக்குப் போகாது. அதை நிறுத்தும் அதிகாரத்தைச் செக்கு ஓட்டுபவருக்கே கொடுத்துவிட்டேன், நான் சொன்னாலும் மாறாது. விற்பனை விலையை 15 நாளுக்கு ஒருமுறை கொப்பரை விலையோடு சேர்த்துத் திருத்துவோம். 440 ரூபாய் கொடுக்கத் தயங்கும் வீடுகளுக்காக 200 மில்லி பாட்டில் ஆகஸ்டில் வருகிறது. அந்தப் பல்பொருள் அங்காடி ஆகஸ்ட் 10க்குள் பாக்கியைத் தீர்க்காவிட்டால் சரக்கை நிறுத்துவோம். மதுரைக் கிளைத் திட்டத்தை ஒத்திவைத்திருக்கிறேன். செப்டம்பர் வரை என் சம்பளத்தில் பாதிதான் எடுப்பேன்.

பாமாயில் கலந்தால் விலையைக் குறைக்கலாம் என்று இருவர் என்னிடம் சொன்னார்கள். அதைச் செய்ய மாட்டோம். கேட்பவர்களுக்கு நீங்களும் இதையே சொல்லலாம்.

செப்டம்பர் 30க்கான இலக்கு: விற்பனை 60 லட்சம், தேங்காய் எண்ணெய் 9,500 லிட்டர், நேரடி வீடுகள் 400, நிலுவை 10 லட்சத்துக்குள், நட்டம் 50 ஆயிரத்துக்கு மிகாமல். லாபம் என்று எழுத இப்போது எனக்குத் துணிவில்லை.

புதிய முதலீடு இப்போது கேட்கவில்லை. கொப்பரை வாங்க வங்கியில் 15 லட்சம் நடப்பு மூலதனக் கடன் எடுக்கலாமா என்பதில் உங்கள் கருத்து வேண்டும். கையிருப்பு 8 லட்சத்துக்குக் கீழே இறங்கினால் மட்டுமே அதைத் தொடுவது என் யோசனை. விடுதி, கல்யாண மண்டபம், மெஸ் நடத்துபவர்கள் யாரையாவது அறிந்திருந்தால் அறிமுகப்படுத்துங்கள். ஒரு மண்டபம் பத்துக் கடைக்குச் சமம்.

ஜூலை 26, சனிக்கிழமை காலை 10 மணிக்குச் செக்கு மனையிலேயே கூடுவோம். கணக்குப் புத்தகமும் கொள்முதல் ரசீதுகளும் மேசையில் இருக்கும். அன்று ஆட்டப்போகும் கொப்பரையை நீங்களே ஒடித்துப் பார்க்கலாம்.

அன்புடன்,
நிர்வாக இயக்குநர்