அரையாண்டுத் தேர்வு இயற்பியல் விடைத்தாள்: மறுகூட்டல் வேண்டி

விருதுநகர்
8.1.2025

அனுப்புநர்
ச. கவின்மொழி,
12-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு

பெறுநர்
இயற்பியல் ஆசிரியர் அவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நேற்று வகுப்பில் தாங்கள் கொடுத்த அரையாண்டுத் தேர்வு விடைத்தாளில் எனக்கு 70-க்கு 55 என்று போட்டிருக்கிறது. வீட்டில் ஒருமுறை கூட்டிப் பார்த்தபோது 60 வந்தது. என் கணக்குதான் தவறோ என்று அக்காவையும் கூட்டச் சொன்னேன். அவருக்கும் 60 தான் வந்தது.

வித்தியாசம் இரண்டு இடங்களில் வருகிறது, ஐயா. நான்காம் பகுதியில் 34-க்கு 5, 35-க்கு 4, 36-க்கு 3½, 37-க்கு 5 போட்டிருக்கிறீர்கள். இந்த நான்கும் சேர்ந்து 17½. முதல் பக்கக் கட்டத்திலும் அதுவே இருக்கிறது. ஆனால் 38-ஆவது கேள்விக்கு, அதாவது மின்மாற்றிக்கு, நான் கூடுதல் தாளில்தான் விடை எழுதினேன். அதைக் கடைசியில் நூலால் கட்டியிருக்கிறேன். அந்தத் தாளின் பின்பக்கத்தில், படத்துக்குக் கீழே 4 போட்டு வட்டமிட்டிருக்கிறீர்கள். அந்த 4 முதல் பக்கத்துக்கு வரவில்லை. தாள் முந்தின பக்கத்தோடு ஒட்டிக்கொண்டு இருந்ததால் கூட்டும்போது கண்ணில் படாமல் போயிருக்கலாம்.

இன்னொன்று சின்னது. முதல் பக்கத்தில் இருக்கும் 13, 11, 14½, 17½ ஆகியவற்றை அப்படியே கூட்டினாலும் 56 வருகிறது. இரண்டு அரைகளும் சேர்ந்த ஒரு மதிப்பெண் விடுபட்டிருக்கிறது என்று நினைக்கிறேன். விடுபட்ட 4-ஐயும் சேர்த்தால் 60.

மறுமதிப்பீடு கேட்கவில்லை, ஐயா. 36-இல் ஒன்றரை குறைந்தது பற்றியோ, மூன்று மதிப்பெண் கேள்விகள் பற்றியோ எனக்கு எந்தக் குறையும் இல்லை. தாங்கள் போட்ட மதிப்பெண்களையே ஒருமுறை கூட்டிப் பார்த்தால் போதும்.

நேற்றே கேட்டிருப்பேன். எல்லாரும் தாளை நீட்டிக்கொண்டு மேசையைச் சுற்றி நின்றதால், அந்த நேரத்தில் தங்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று வந்துவிட்டேன். விடைத்தாளை இத்துடன் இணைத்திருக்கிறேன். அதில் நான் பேனாவோ பென்சிலோ வைக்கவில்லை, கூட்டியதெல்லாம் தனித்தாளில்தான். அந்தத் தாளையும் உள்ளே வைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை ரேங்க் கார்டு கொடுப்பதாக வகுப்பாசிரியர் சொன்னார். அதற்குள் பார்க்க முடிந்தால், திருத்திய மதிப்பெண்ணையே கார்டில் ஏற்றிவிடலாம். தங்களுக்கு ஓய்வான பாடவேளை எது என்று சொன்னால் ஆசிரியர் அறைக்கு வந்து நேரிலும் காட்டுகிறேன்.

நன்றி, ஐயா.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி,
ச. கவின்மொழி

இணைப்பு: இயற்பியல் விடைத்தாள் (கூடுதல் தாளுடன்), கூட்டிப் பார்த்த தாள் ஒன்று