நம்ம எட்டுப் பேரும் ஏற்காடும்

அடிவாரம், காலை
"ஆறு மணிக்கெல்லாம் கிளம்பிடணும்" என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தது பிரகாஷ். படத்தில் அவனைத் தேட வேண்டாம். "அஸ்தம்பட்டி தாண்டிட்டேன்" என்று அந்த நேரம் போனில் சொல்லிக்கொண்டிருந்தான். அப்புறம் வந்து சேர்ந்து எட்டு டீக்கும் அவனே காசு கொடுத்தான். வழக்கு தள்ளுபடி.

இருபதாவது கொண்டை ஊசி வளைவு
ஒவ்வொரு வளைவிலும் பலகையில் எண் போட்டிருக்கிறது. ஆனாலும் செந்தில் சத்தமாக எண்ணினான். இரண்டும் கடைசி வரை ஒத்துப்போனதில் அவனுக்கு அப்படி ஒரு மகிழ்ச்சி, முகத்தைப் பாருங்கள்!

லேடீஸ் சீட், எட்டுப் பேரும் (எடுத்துக் கொடுத்த சோளக்கடை அண்ணனுக்கு நன்றி)
இடது ஓரம் கவிதா. சேலத்து வெயிலிலேயே ஸ்வெட்டரோடு வந்து நின்றவள். வண்டியில் கிண்டலை ஆரம்பித்து வைத்தவன் தினேஷ். மேலே பனி இறங்கியதும் "இன்னொண்ணு இருக்கா கவிதா?" என்று முதலில் கேட்டவனும் அவனே. இருந்தது. அவன் தோளில் கிடக்கும் நீலச் சால்வை அதுதான், நன்றாகவும் பொருந்துகிறது.
நடுவில் விரலை நீட்டி எண்ணிக்கொண்டிருப்பது நம்ம சாந்தி டீச்சர். வண்டி ஏறும்போதெல்லாம் வருகைப் பதிவு எடுத்தாள். சிரித்தோம். ஆனால் பகோடா பாயின்டில் ஏழு தலைதான் தேறியது, திரும்பிப் போய்ப் பிரகாஷைக் கூட்டி வந்தோம். டீச்சர் இல்லாமல் இனி எங்கேயும் போவதாக இல்லை.

ஏரி, மிதி படகு
ரியாஸ் மிதிக்கிறான், மீனா திசை சொல்கிறாள். "ரைட்டு, ரைட்டு" என்று அவள் சொல்லச் சொல்ல, படகு ஒரே இடத்தில் அழகாக வட்டம் போட்டது. கரையில் நின்ற ஒரு குட்டிப் பையன் கை தட்டினான். ஏரியில் வேறு எந்தப் படகுக்கும் அந்த மரியாதை கிடைக்கவில்லை.

சேர்வராயன் கோயில், 1,623 மீட்டர் உயரம்
எல்லாரும் மலையைப் பார்க்க, மீனா மட்டும் போனைப் பார்க்கிறாள். அவள் அம்மா வீடியோ காலில். நம் ஒவ்வொருவரையும் பேர் சொல்லி, "சாப்பிட்டீங்களா கண்ணு?" என்று கேட்டார்கள். மலையை அப்புறம் பார்த்துக்கொண்டோம்.

சேலம், தட்டுவடை செட் கடை
"எனக்கு வேண்டாம்டா, பசியில்லை" என்றவன் செந்தில். அவன் முன்னால் இருக்கும் தட்டுகளை இந்த முறை யாரும் சத்தமாக எண்ணவில்லை.

யாருக்காவது தன் படமோ அதற்கு எழுதியதோ பிடிக்கவில்லை என்றால் எனக்குத் தனியாக ஒரு வார்த்தை போடுங்கள், காரணம் கேட்காமல் எடுத்துவிடுகிறேன். படகுப் படத்துக்கு மட்டும் ரியாஸிடமும் மீனாவிடமும் முன்பே கேட்டாகிவிட்டது. இரண்டு பேருமே "அதை முதல்ல போடு" என்றார்கள்.