பிடித்தம் செய்த வரி, ரசீது: நேற்றைய செய்திக்குத் திருத்தம்

வணக்கம் ஐயா. சுங்கை சிப்புட் ஆலைக் கணக்குப் பிரிவிலிருந்து எழுதுகிறேன். உங்களுக்கு 16A சான்றிதழ் வரும் என்று நேற்று எழுதியது தவறு. அது இந்திய டிடிஎஸ் படிவம், இங்கே மலேசியாவில் கிடையாது. உங்கள் 26AS-இலும் இந்தப் பிடித்தம் தெரியாது. அங்கே தேடிக் குழம்ப வேண்டாம்.

பேக்கிங் மெஷின் விலை ரிங்கிட் 42,000-இல் எதுவும் பிடிக்கவில்லை. உங்கள் டெக்னீஷியன் இங்கே வந்து மெஷினைப் பொருத்திய கூலி 6,000-க்கு மட்டும் மலேசிய வருமான வரிச் சட்டத்தின் 109பி பிரிவின்படி 10%, அதாவது 600 பிடித்தோம். மீதி 5,400 வங்கியில் போட்டாகிவிட்டது. வரி கணக்கிடும்போது ஹோட்டல் செலவைச் சேர்க்கவில்லை.

அந்த 600-ஐ CP37D படிவத்தோடு ஒரு மாதத்துக்குள் வருமான வரி வாரியத்தில் கட்டுவோம். தாமதமானால் 10% அபராதம் எங்கள் தலையில்தான், உங்களிடம் கேட்க மாட்டோம். கட்டியதும் வாரிய ரசீதும் படிவ நகலும் அனுப்புகிறேன். வெளிநாட்டில் கட்டிய வரிக்கு இந்தியாவில் வரவு கோர உங்கள் ஆடிட்டருக்கு அவை தேவைப்படும்.

ஒரே வேண்டுகோள்: பான் அட்டையில் உள்ளபடி நிறுவனப் பெயரையும் முகவரியையும் இன்றே அனுப்புங்கள். இன்வாய்ஸில் ‘அன்ட் கோ’ என்றும், வங்கி விவரத்தில் ‘அன்ட் கம்பெனி’ என்றும் இருக்கிறது. ரசீதில் பெயர் மாறி விழுந்தால் திருத்துவது பெரிய அலைச்சல்.