ஆன்லைன் மனநல சிகிச்சை நேர்முக சிகிச்சைக்குச் சளைத்ததல்ல என்று காட்ட: சேலம்–ஏற்காடு ஆய்வுத் திட்டக் குறிப்பு

குழுவினருக்கு,

நாகலூரிலிருந்து சேலத்துக்கு வாரம் ஒருமுறை வருபவருக்கு ஒரு நாள் கூலி போகிறது. 20 கொண்டை ஊசி வளைவுகளும் சேர்ந்துகொள்கின்றன. ஆன்லைன் சிகிச்சை நேர்முகத்தைவிட மேலானது என்று நாம் நிரூபிக்க வேண்டியதில்லை. பொறுக்க முடியாத அளவுக்குத் தாழ்ந்ததல்ல என்று காட்டினால் போதும். அந்த 'அளவு'தான் மார்ஜின். முதல் நோயாளியைச் சேர்க்கும் முன் அதை முடிவு செய்து, இந்திய மருத்துவ ஆய்வுகளின் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் எழுதிவிட வேண்டும்.

முதன்மை அளவீடு, மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 கேள்வித்தாளின் 12ஆம் வார மதிப்பெண் (0 முதல் 27); மதிப்பெண் கூடினால் மனச்சோர்வும் கூடுதல். சேர்க்கும்போது 10 முதல் 19 வரை இருப்பவர்களை எடுக்கிறோம். தற்கொலை எண்ணம் பற்றிய 9ஆம் கேள்விக்கு 'இல்லை' தவிர வேறு பதில் வந்தால், எந்தப் பிரிவானாலும் மருத்துவர் அன்றே பேச வேண்டும்.

மார்ஜினை 2 என்று முன்வைக்கிறேன். காரணம் இது: சிகிச்சையே இல்லாத நிலையைவிட நேர்முக சிகிச்சை குறைந்தது 4 மதிப்பெண் கூடுதலாகக் குறைக்கும் என்று எடுத்துக்கொள்கிறோம். அதில் பாதியாவது ஆன்லைனில் தங்க வேண்டும். முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும்போது, நம்பக இடைவெளியின் கீழ்முனை 4க்குக் கீழே வந்தால் மார்ஜினையும் சுருக்குவோம். மேலே போனாலும் 2ஐத் தாண்ட மாட்டோம்.

```
n = 2 × (1.96 + 1.28)² × SD² / Δ²
SD = 5, Δ = 2  →  132
```

பிரிவுக்கு 132 பேர். இடையில் 20 சதவீதம் விலகலாம் என்று கொண்டால் 165, மொத்தம் 330. மார்ஜினை 3 ஆக்கினால் 59 பேர் போதும் என்று கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. செலவு குறையும், உண்மைதான். ஆனால் சிகிச்சைப் பலனில் முக்கால் பங்கு போனாலும் 'சளைத்ததல்ல' என்று எழுத வேண்டிவரும். ஆள் கிடைக்காததற்காக மார்ஜினை விரிப்பதில் எனக்குச் சம்மதமில்லை. சேர்க்கும் காலத்தை நீட்டலாம்.

எனக்கு இருக்கும் பெரிய பயம் வேறு. மழைக்காலத்தில் நேர்முகப் பிரிவினர் அமர்வுகளைத் தவறவிட்டால் அந்தச் சிகிச்சையே பலவீனமாகிவிடும். ஆன்லைன் சும்மாவே அதற்குச் சமமாகத் தெரியும். அதனால் பேருந்துச் செலவை நாமே தருவோம். 8 அமர்வுகளில் 6க்காவது வந்தவர்களைத் தனியாகவும், ஒதுக்கியபடி எல்லாரையும் சேர்த்தும் கணக்கிடுவோம். இரண்டும் ஒத்துப்போனால்தான் முடிவு.

ஒரே சிகிச்சையாளர்கள் இரு பிரிவையும் பார்ப்பார்கள். மலை, சமவெளி என்று பிரித்து ஒதுக்கீடு. மலையில் வீடியோ அறுந்தால் குரல் அழைப்பில் தொடரலாம். அது ஆன்லைன் பிரிவிலேயே சேரும். மதிப்பெண் எடுப்பவருக்கு யார் எந்தப் பிரிவு என்று தெரியக்கூடாது.

ஆன்லைன் சராசரியிலிருந்து நேர்முகச் சராசரியைக் கழிப்போம். 95 சதவீத நம்பக இடைவெளியின் மேல்முனை 2க்குக் கீழே இருக்க வேண்டும். வித்தியாசம் 1, இடைவெளி −0.2 முதல் 2.2 என்று வந்தால், நிரூபணமாகவில்லை என்றே எழுதுவோம். ஒப்புதல் படிவத்திலும் இந்த 2 என்ன என்று எளிய தமிழில் இருக்க வேண்டும்: 'பயணம் மிச்சமாகும், பதிலுக்குப் பலன் கொஞ்சம் குறையலாம்.' அந்தக் 'கொஞ்சம்' சரியா என்று எஸ்டேட் தொழிலாளர்கள் பத்துப் பேரிடமாவது கேட்டுவிட்டு, நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பலாம்.